120 முழங்கால்கள், எத்தனை பேர்? பெயர் போடச் சம்மதிக்கும் முன் எழுத வேண்டிய கடிதம்

கேள்வி: நான் புள்ளியியல் படித்தவன். ஒரு மருத்துவ ஆராய்ச்சிக் குழு கட்டுரை வரைவை அனுப்பி, "ஸ்டாட்டிஸ்டிக்ஸ் பகுதியை ஒரு பார்வை பாருங்க, உங்க பெயரையும் இணை ஆசிரியரா சேர்த்துடறோம்" என்கிறார்கள். பகுப்பாய்வு செய்த மாணவர் படிப்பு முடிந்து போய்விட்டார். எப்படிச் செய்தார் என்ற விவரம் வரைவில் பாதிக்கு மேல் இல்லை. குழுத் தலைவர் மூத்தவர், அவர் மனம் நோகக் கூடாது. என்ன கேட்பது, எப்படி எழுதுவது?

பதில்:

இப்போதைக்குச் சரி என்றும் சொல்ல வேண்டாம், முடியாது என்றும் சொல்ல வேண்டாம். ஒரு கடிதம் எழுதுங்கள். ஆனால் அதற்கு முன்னால் அரை நாள் ஒதுக்கி, வரைவையும் கால்குலேட்டரையும் வைத்துக்கொண்டு உட்காருங்கள். "பகுப்பாய்வு விவரங்களை அனுப்பி வையுங்கள்" என்று பொதுவாகக் கேட்டால், "டி-டெஸ்ட் போட்டோம், 0.05-க்குக் கீழே வந்தால் முக்கியம் என்று எடுத்துக்கொண்டோம்" என்று ஒரே வரியில் பதில் வரும். அதில் குழுவின் தப்பு ஒன்றும் இல்லை. எந்த விவரம் எதற்குத் தேவை என்று அவர்களுக்குத் தெரியாது. இந்த அட்டவணையில் இந்த எண் எங்கிருந்து வந்தது என்று விரல் வைத்துக் கேட்டால்தான் அவர்களும் தேடிப் பார்ப்பார்கள்.

அந்த அரை நாளில் என்ன செய்வது என்பதை ஒரு கற்பனை வரைவை வைத்துக் காட்டுகிறேன். எண்கள் நான் போட்டவை. இந்த வகைக் குழப்பம் மட்டும் நான் அடிக்கடி பார்த்தது.

முழங்கால் தேய்மானத்துக்கு இரண்டு வகை உடற்பயிற்சி. 72 பேரைச் சமவாய்ப்பு முறையில் இரண்டு குழுவாகப் பிரித்திருக்கிறார்கள். 12 வாரம் கழித்து வலியை 0 முதல் 100 வரையிலான அளவுகோலில் அளந்திருக்கிறார்கள். முடிவுப் பகுதியின் இரண்டாவது அட்டவணையில் ஒரு வரி:

`38.4 ± 1.9 vs 44.1 ± 2.0; t(118) = 2.07, p = 0.04`

கட்டுரை முழுவதும் இந்த ஒரு வரியில்தான் நிற்கிறது. சுருக்கவுரை, முடிவுரை, தலைப்பு எல்லாம் இந்த 0.04-ஐ நம்பித்தான் எழுதப்பட்டிருக்கின்றன. அதனால் இந்த வரியை மட்டும் எடுத்துக்கொண்டு நிதானமாகப் பார்ப்போம்.

± குறிக்குப் பின்னால் இருப்பது திட்ட விலக்கமா, திட்டப் பிழையா என்று வரைவில் எங்கும் சொல்லவில்லை. திட்ட விலக்கம் என்று எடுத்துக்கொண்டால், முதல் குழுவில் ஏறக்குறைய எல்லோருடைய வலியும் 34-க்கும் 43-க்கும் நடுவில் அடங்கிவிட வேண்டும். முழங்கால் வலி மனிதர்களிடம் அப்படி ஒரே சீராக இருக்காது. ஒருவர் 10 என்பார், இன்னொருவர் 70 என்பார். சந்தேகம் வந்துவிட்டதால் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ± எண்கள் திட்டப் பிழை என்றால், டி மதிப்பு என்பது சராசரிகளின் வேறுபாட்டை இரண்டு பிழைகளின் வர்க்கக் கூட்டுத்தொகையின் வர்க்கமூலத்தால் வகுத்தால் கிடைப்பது:

```r
(44.1 - 38.4) / sqrt(1.9^2 + 2.0^2)   # 2.066
2 * pt(-2.066, df = 118)              # 0.041
```

அவர்கள் எழுதிய 2.07, 0.04 இரண்டும் அப்படியே வந்து நிற்கின்றன. திட்ட விலக்கம் என்று வைத்துப் போட்டால் டி 16-ஐத் தொடும். ஆகவே அது திட்டப் பிழைதான். குழு இதைச் சொல்ல மறந்திருக்கிறது, அவ்வளவுதான். வாசகருக்கு இது தவறான படத்தைக் கொடுக்கும், ஆனால் திருத்துவது எளிது.

இப்போது அந்த அடைப்புக்குறிக்குள் இருக்கும் 118-ஐப் பாருங்கள். இதைத்தான் பலரும் தாண்டிப் போய்விடுகிறார்கள். இரு குழு டி-சோதனையில் வரையற்ற பாகை என்பது மொத்த அளவீடுகளில் இரண்டைக் கழித்தது. 118 என்றால் 120 அளவீடுகள். ஆய்வில் சேர்ந்தவர்களோ 72 பேர். 72 பேரிடமிருந்து 120 எப்படி வந்தது?

மனிதருக்கு முழங்கால் இரண்டு. பகுப்பாய்வு செய்தவர் ஒவ்வொரு முழங்காலையும் ஒரு வரியாகப் போட்டிருக்கிறார் என்பது உடனே தோன்றும். ஆனால் அதன் பிறகும் பதில் ஒன்றாக இல்லை. 12 பேர் பாதியில் நின்றுபோய், மீதி 60 பேரின் இரண்டு முழங்கால்களும் கணக்கில் வந்திருக்கலாம்: 60 × 2 = 120. அல்லது யாரும் விலகாமல், 48 பேருக்கு இரண்டு பக்கமும் வலி, 24 பேருக்கு ஒரு பக்கம் மட்டும் வலி என்றும் இருக்கலாம்: 96 + 24 = 120. முதல் கதையில் 12 பேர் காணாமல் போயிருக்கிறார்கள், அது கட்டுரையில் இல்லை. இரண்டாவது கதையில் ஒருவரும் போகவில்லை. வெளியிலிருந்து பார்க்கிற உங்களால் இரண்டையும் பிரித்துச் சொல்லவே முடியாது. கடிதம் எழுத வேண்டிய காரணம் இந்த இடத்தில்தான் இருக்கிறது. உங்கள் திறமையால் நிரப்ப முடியாத, அவர்களிடம் மட்டுமே உள்ள தகவல் இது.

இது முடிவை எவ்வளவு அசைக்கும் என்பதையும் கடிதத்துக்கு முன்பே தெரிந்துகொள்ளுங்கள். ஒரே ஆளின் வலது முழங்காலும் இடது முழங்காலும் தனித்தனிச் சாட்சிகள் அல்ல. அதே எடை, அதே வயது, அதே பயிற்சி ஒழுக்கம், வலியை எண்ணாகச் சொல்வதில் அதே பழக்கம். இரண்டுக்கும் இடையேயான ஒட்டுறவு 0.6 என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். எல்லோருக்கும் இரண்டு முழங்கால் கணக்கில் இருந்தால், வேறுபாட்டின் மாறுபாட்டளவை 1 + 0.6, அதாவது 1.6 மடங்காகும். திட்டப் பிழை அதன் வர்க்கமூலமான 1.26 மடங்கு பெருகி, 2.76 என்பது 3.49 ஆகும். டி மதிப்பு 2.07-இலிருந்து 1.63-க்கு இறங்கும். பி-மதிப்பு 0.04 என்பது ஏறத்தாழ 0.11 ஆகிவிடும்.

0.6 என்பது என் ஊகம், சரிதான். அதனால் கேள்வியைத் திருப்பிப் போட்டுப் பாருங்கள். ஒட்டுறவு எவ்வளவு குறைவாக இருந்தால் 0.05-க்குக் கீழேயே நிற்கும்? அதே கணக்கைப் பின்னோக்கிப் போட்டால் 0.065 வருகிறது. ஒரே மனிதரின் இரண்டு முழங்கால்களுக்கு இடையே அவ்வளவு சொற்பமான ஒட்டுறவுதான் இருக்கும் என்று எந்த மருத்துவரும் ஒப்புக்கொள்ள மாட்டார். கட்டுரையின் தலைப்பு நிற்பதும் விழுவதும் நீங்கள் கேட்கப் போகும் இந்த ஒரு விவரத்தில் இருக்கிறது. நான் தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு குழுவின் அட்டவணையை மட்டும் பார்த்துச் சரி என்று சொல்லிப் பெயர் கொடுத்துவிட்டேன். கட்டுரை வெளிவந்த பிறகு ஒருவர் மூலத் தரவைக் கேட்டார். அப்போதுதான் கோப்பை முதல் தடவையாகத் திறந்தேன். ஒவ்வொரு நோயாளி எண்ணும் இரண்டு முறை இருந்தது. திருத்தம் வெளியிட்டோம். அந்த வாரம் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது.

அப்புறம் இன்னும் ஒன்று மட்டும் பாருங்கள். வரைவில் வலி, விறைப்பு, நடை வேகம், வாழ்க்கைத் தரம், மாத்திரை எண்ணிக்கை என ஐந்து விளைவுகள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் 4, 8, 12 வாரங்களில் அளக்கப்பட்டிருக்கின்றன. ஆக 15 ஒப்பீடுகள். அவை ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாதவை என்று வைத்தால், பயிற்சிகளுக்குள் எந்த வித்தியாசமும் இல்லாதபோதும், ஏதாவது ஒன்றாவது 0.05-க்குக் கீழே வருவதற்கு 54 சதவீத வாய்ப்பு உண்டு. விளைவுகள் ஒன்றோடொன்று ஒட்டியிருப்பதால் உண்மையில் அது குறையும், ஆனாலும் கணிசமாகவே இருக்கும். 12-ஆவது வார வலிதான் முதன்மை விளைவு என்று முன்கூட்டியே எழுதி வைத்திருந்தால் இந்தக் கவலை இல்லை. மருத்துவப் பத்திரிகை ஆசிரியர்களின் பன்னாட்டுக் குழு, 2005 ஜூலை 1 முதல் ஆள் சேர்க்கத் தொடங்கும் மருத்துவச் சோதனைகள் முன்பே பதிவு செய்யப்பட்டிருந்தால்தான் பரிசீலிப்போம் என்று அறிவித்தது. அதனால் அநேகமாக இந்த ஆய்வுக்கும் ஒரு பதிவு எண் இருக்கும். `ClinicalTrials.gov` மாதிரியான பதிவேட்டில் முதன்மை விளைவு என்ன, அது இடையில் மாற்றப்பட்டதா என்று பழைய பதிப்புகளோடு பார்க்கலாம். கேட்கும் முன் நீங்களே போய்ப் பார்த்துவிடுங்கள். தேடினால் கிடைப்பதைக் கேட்டு அவர்கள் நேரத்தை வீணாக்க வேண்டாம்.

சரி, கடிதத்துக்கு வருவோம். நான் எழுதினால் இப்படி எழுதுவேன்:

> மதிப்பிற்குரிய டாக்டர் அவர்களுக்கு,
>
> வணக்கம். கட்டுரை வரைவை அனுப்பி, என்னையும் இணை ஆசிரியராக அழைத்ததற்கு நன்றி. வரைவை முழுவதும் படித்தேன். 72 பேரை 12 வாரம் தொடர்ந்து பயிற்சி செய்ய வைத்து, மூன்று முறை அளந்திருப்பது எளிய வேலை அல்ல.
>
> என் பெயர் வருமானால், கட்டுரையில் உள்ள ஒவ்வொரு எண்ணும் எப்படி வந்தது என்று யார் கேட்டாலும் நான் விளக்க வேண்டியிருக்கும். இப்போது கையில் உள்ளதை வைத்து என்னால் அதைச் செய்ய முடியவில்லை. கீழே உள்ளவை தெளிவானால் முடியும்.
>
> முதலாவது, முக்கியமானது. இரண்டாவது அட்டவணையில் 12-ஆவது வார வலிக்கு t(118) என்று உள்ளது. அதன்படி 120 அளவீடுகள் இருந்திருக்க வேண்டும். சேர்ந்தவர்கள் 72 பேர். ஒவ்வொரு முழங்காலும் தனி அளவீடாக எடுக்கப்பட்டதா? அப்படியானால் எத்தனை பேரின் இரண்டு முழங்கால்களும், எத்தனை பேரின் ஒரு முழங்காலும் சேர்ந்தன? 12-ஆவது வாரத்துக்கு முன் விலகியவர்கள் ஒவ்வொரு குழுவிலும் எத்தனை பேர், என்ன காரணத்தால்? ஒரே ஆளின் இரண்டு முழங்கால்களைத் தனித்தனி ஆட்களாக எண்ணியிருந்தால் முடிவு மாறக்கூடும். அதனால்தான் இதை முதலில் கேட்கிறேன்.
>
> இரண்டாவது, ± குறிக்குப் பின் உள்ளவை திட்டப் பிழை என்று கணக்கிலிருந்து ஊகிக்கிறேன். உறுதிப்படுத்துங்கள். கட்டுரையில் திட்ட விலக்கத்தையும், வேறுபாட்டுக்கான நம்பிக்கை இடைவெளியையும் தரலாம் என்பது என் யோசனை. பயிற்சிக்கு முன் இரு குழுக்களின் வலி எவ்வளவு இருந்தது என்பதும் வேண்டும். அது வரைவில் இல்லை.
>
> மூன்றாவது, ஐந்து விளைவுகளில் முதன்மையானது எது என்று ஆள் சேர்க்கும் முன்பே முடிவு செய்திருந்தீர்களா? நெறிமுறைக் குழுவிடம் கொடுத்த ஆய்வுத் திட்டத்தின் பிரதி இருந்தால் போதும். எத்தனை பேர் தேவை என்று கணக்கிட்ட பக்கமும் அதில் இருக்கும் என நினைக்கிறேன்.
>
> இவற்றோடு, பெயரும் முகவரியும் நீக்கிய மூலத் தரவுக் கோப்பு வேண்டும். நோயாளிக்குக் கொடுத்த எண் மட்டும் இருக்கட்டும், அது அவசியம். சுத்தம் செய்த கோப்போடு, சுத்தம் செய்வதற்கு முந்தைய கோப்பும் இருந்தால் நல்லது. தரவைப் பகிர நெறிமுறைக் குழுவின் அனுமதி தேவைப்பட்டால் சொல்லுங்கள், விண்ணப்பத்தில் என் பங்கை நானே எழுதித் தருகிறேன்.
>
> பகுப்பாய்வு செய்த மாணவரோடு அரை மணி நேரம் பேச முடிந்தால் பெரும்பாலான கேள்விகள் அங்கேயே தீர்ந்துவிடும். அவர் பெயர் வரைவில் இல்லை. பகுப்பாய்வை அவர்தான் செய்தார் என்றால் இணை ஆசிரியராகும் வாய்ப்பை அவருக்குக் கொடுப்பது சரியாக இருக்கும் என்று கருதுகிறேன்.
>
> தரவு வந்தபின் முதன்மைப் பகுப்பாய்வை நான் புதிதாகச் செய்ய இரண்டு வாரம் ஆகும். முடிவு இப்போதுள்ளது போலவே வரலாம், மாறியும் வரலாம். எப்படி வந்தாலும் அதை எழுத உங்களுக்குச் சம்மதமானால், இணை ஆசிரியராக முழுப் பொறுப்போடு சேர எனக்கும் சம்மதம். அதுவரை பத்திரிகைக்கு அனுப்பும் படிவத்திலோ, நன்றியுரையிலோ என் பெயர் வர வேண்டாம் எனக் கேட்டுக்கொள்கிறேன்.
>
> இப்படிக்கு,

இந்தக் கடிதத்தில் சில இடங்களை ஏன் அப்படி எழுதினேன் என்று சொல்லிவிடுகிறேன்.

எங்கேயும் "தவறு" என்ற சொல் இல்லை. அதைப் பணிவுக்காக மட்டும் செய்யவில்லை. தவறு நடந்ததா என்று உங்களுக்கு இன்னும் தெரியாது. மாணவர் ஒருவேளை ஒரே ஆளின் முழங்கால்களைச் சேர்த்துக் கணக்கிடும் கலப்பு மாதிரியைச் சரியாகப் போட்டுவிட்டு, அட்டவணையில் மட்டும் பழைய டி-சோதனை வரியை விட்டிருக்கலாம். 118 என்ற எண்ணை அப்படியே எடுத்துக் காட்டிக் கேட்கும்போது, மூத்த மருத்துவருக்கும் அது தன்னைக் குற்றம் சொல்வதாகப் படாது. கணக்கு ஒன்று இடிக்கிறது, சேர்ந்து பார்ப்போம் என்றுதான் படும். ஆனால் "முடிவு மாறக்கூடும்" என்பதை மறைக்கவும் கூடாது. அதை முதல் கடிதத்திலேயே சொல்லாமல், பிறகு போய் "உங்கள் 0.04 இல்லை" என்றால், அப்போதுதான் உண்மையில் மனம் நோகும்.

மாணவரைப் பற்றிய பத்தியைச் சிலர் வேண்டாம் என்பார்கள். எனக்கு அது முக்கியமாகப் படுகிறது. மேலே சொன்ன பத்திரிகை ஆசிரியர்களின் பன்னாட்டுக் குழுவின் நெறிப்படி, கட்டுரையின் ஆசிரியராக நான்கு நிபந்தனைகள்: ஆய்வின் வடிவமைப்பிலோ தரவிலோ பகுப்பாய்விலோ கணிசமான பங்கு, எழுதுவதில் அல்லது திருத்துவதில் பங்கு, இறுதி வடிவத்துக்கு ஒப்புதல், கட்டுரையின் எல்லா அம்சங்களுக்கும் பொறுப்பேற்பு. கடைசியாகச் சொன்ன பொறுப்பேற்பு 2013-இல் சேர்க்கப்பட்டது. நீங்கள் கேட்கும் உரிமை அதில்தான் இருக்கிறது. தெரியாத எண்ணுக்குப் பொறுப்பேற்க முடியாதே. அதே நெறி இன்னொன்றும் சொல்கிறது: முதல் நிபந்தனையை நிறைவேற்றியவருக்கு எழுதுவதிலும் திருத்துவதிலும் இறுதி ஒப்புதலிலும் பங்கெடுக்க வாய்ப்புக் கொடுக்க வேண்டும். பகுப்பாய்வு செய்த பிள்ளையை ஒதுக்கிவிட்டு, பார்வையிட்ட உங்களைச் சேர்த்தால், அவர் வேலை உங்கள் பெயரில் போகிறது. அதோடு, 120 எப்படி வந்தது என்று மனப்பாடமாகத் தெரிந்த ஒரே ஆள் அவர்தான்.

நன்றியுரையில்கூடப் பெயர் வேண்டாம் என்று எழுதியதற்கும் காரணம் உண்டு. "புள்ளியியல் ஆலோசனைக்கு இன்னாருக்கு நன்றி" என்று ஒரு வரி வந்தால், படிப்பவர் நீங்கள் சரிபார்த்ததாகவே எடுத்துக்கொள்வார். அந்த நெறியே, நன்றியுரையில் குறிப்பிடப்படுவோரிடம் எழுத்தில் சம்மதம் வாங்கச் சொல்கிறது. பெயரை எடுக்கச் சொல்வதைவிட, வருவதற்கு முன்பே சொல்லிவிடுவது எல்லோருக்கும் சுலபம்.

கடிதம் போன பிறகு என்ன நடக்கும்? நல்ல வழியில் போனால் கோப்பு வரும். வந்ததும் பெரிய மாதிரி எதையும் ஓட்டாதீர்கள். முதலில் ஆட்களை எண்ணுங்கள்:

```r
length(unique(d$id))
table(table(d$id))
```

முதல் வரி எத்தனை பேர் என்று சொல்லும். இரண்டாவது வரி, ஒரு வரிசை உள்ளவர் எத்தனை பேர், இரண்டு வரிசை உள்ளவர் எத்தனை பேர் என்று பிரித்துக் காட்டும். நம் உதாரணத்தில் முதல் வரிக்கு 72-உம், இரண்டாவதற்கு 24, 48 என்றும் வந்தால் இரண்டாவது கதைதான் உண்மை, யாரும் விலகவில்லை. 60 என்று வந்தால் 12 பேரைத் தேட வேண்டும். மூன்று வரிசை உள்ளவர் ஒருவர் இருந்தால் எண்ணைத் தட்டச்சு செய்ததில் பிழை. இதற்குத்தான் நோயாளி எண் அவசியம் என்று கடிதத்தில் அழுத்தி எழுதினேன். தனியுரிமைக்காக என்று அந்த எண்ணையும் நீக்கி அனுப்புகிறவர்கள் உண்டு. அது இல்லாமல் எந்த முழங்கால் யாருடையது என்று தெரியாது, திருத்திப் பகுப்பாய்வு செய்யவும் வழி இருக்காது.

72 பேர், 120 முழங்கால்கள் என்று உறுதியாகிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். இனி ஒரே ஆளின் முழங்கால்களைக் கட்டி வைக்கும் மாதிரி:

```r
library(lme4)
lmer(pain12 ~ arm + pain0 + (1 | id), data = d)
```

`pain0` என்பது பயிற்சிக்கு முந்தைய வலி. அதைச் சேர்ப்பது பெரும்பாலும் துல்லியத்தைக் கூட்டும், தொடக்கத்தில் இரு குழுக்களுக்குள் தற்செயலாக இருந்த வேறுபாட்டையும் சரிக்கட்டும். சமயத்தில் இதனாலேயே இழந்த துல்லியத்தில் ஒரு பகுதி திரும்பக் கிடைக்கும். ஆனால் இதைச் சேர்ப்பதா வேண்டாமா என்பதை முடிவைப் பார்க்கும் முன்பே எழுதி, குழுவுக்கு அனுப்பிவிடுங்கள். இல்லாவிட்டால் நாமும் அதே 15 ஒப்பீட்டு வலையில் விழுவோம்.

தொடக்க வலியைச் சேர்க்காமல், ஒட்டுறவு 0.6 என்றே வைத்துப் பார்த்தால், இந்த 48, 24 பிரிவில் மாறுபாட்டளவை 1.6-க்குப் பதில் 1.48 மடங்காகும். வேறுபாடு அதே 5.7, நம்பிக்கை இடைவெளி -1.0 முதல் 12.4 வரை, பி-மதிப்பு ஏறத்தாழ 0.09. தலைவர் போனில் கேட்பார்: "அப்போ ரிசல்ட் போச்சா?" போகவில்லை. முதல் வகைப் பயிற்சி பக்கம் சாய்வு இருக்கிறது. வித்தியாசமே இல்லாமல் இருக்கலாம் என்பதையும் தள்ள முடியாது, 12 புள்ளி வரை பலன் இருக்கலாம் என்பதையும் தள்ள முடியாது. அப்படியே எழுத வேண்டும். இடைவெளி அகலமாக இருக்கிறது என்பதும் ஒரு முடிவுதான். அடுத்த ஆய்வுக்கு எத்தனை பேர் வேண்டும் என்று கணக்கிட இந்த எண்களே உதவும்.

இந்தக் கட்டத்தில் ஒரு யோசனை வரும், அதற்கு மட்டும் உறுதியாக மறுப்புச் சொல்லுங்கள். "சரி, ஆளுக்கு ஒரு முழங்கால் எடுத்துக்கலாமே, எதை எடுத்தா நல்லா வருது பாருங்க" என்பார்கள். ஆளுக்கு ஒரு முழங்கால் என்பது கெட்ட முறை அல்ல. தொடக்கத்தில் அதிகம் வலித்த முழங்காலையே பல ஆய்வுகள் எடுக்கின்றன, ஆய்வுத் திட்டத்தில் அப்படி எழுதியிருந்தால் அதுதான் முதன்மைப் பகுப்பாய்வு. ஆனால் 12-ஆவது வார முடிவைப் பார்த்த பின் எந்த முழங்கால் என்று தேர்ந்தெடுத்தால், 0.04 மறுபடி வேறு வேடத்தில் வந்து உட்காரும்.

கோப்பு வராமலும் போகலாம். நெறிமுறைக் குழு வெளியே கொடுக்க அனுமதிக்கவில்லை என்பது பெரும்பாலும் உண்மையான தடைதான், சாக்கு என்று நினைத்துவிட வேண்டாம். அப்போது நீங்கள் அவர்கள் இடத்துக்குப் போய் அவர்கள் கணினியில் உட்காரலாம். அல்லது நீங்கள் எழுதிய நிரலை அவர்கள் ஓட்டி, வெளியீட்டை முழுசாக அனுப்பலாம். இரண்டாவது வழியில் மேலே சொன்ன எண்ணிக்கை வரிகளின் வெளியீட்டையும் கட்டாயம் வாங்குங்கள். அது இல்லாத வெளியீட்டை வைத்து உங்களால் எதையும் உறுதி சொல்ல முடியாது.

தரவும் இல்லை, மாணவரும் இல்லை, "நேரம் இல்லை, இந்த வாரமே அனுப்பணும்" என்று பதில் வந்தால் இரண்டு வரி போதும்: "இந்தக் கால அளவில் எண்களைச் சரிபார்க்க என்னால் இயலாது. ஆகவே இணை ஆசிரியராகவோ நன்றியுரையிலோ என் பெயர் இடம்பெற வேண்டாம். அட்டவணையில் உள்ள t(118) பற்றிய என் கேள்வியை மட்டும் அனுப்பும் முன் பார்த்துவிடுங்கள்." கடைசி வரியை விட்டுவிடாதீர்கள். பெயர் இல்லாவிட்டாலும் அந்த 120-ஐக் கவனித்தவர் நீங்கள், அதைப் படித்து வைத்தியம் சொல்லப் போகிறவர்கள் வேறு யாரோ. கடிதத்தையும் பதிலையும் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். மறுபரிசீலனையில் யாராவது இதையே கேட்டால், அதே குழு அந்தக் கோப்போடு உங்களிடம் திரும்பி வரக்கூடும். அப்போது நீங்கள் கேட்டவை அப்படியே தயாராக இருக்கும்.